அக்காவுக்கு மூன்று பிறந்த தேதி

ஓசூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அக்கா பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். போன வருஷம் பொங்கல் முடிந்து ஊருக்கு வந்தவள், பி.எஃப். கணக்கைப் போனில் திறந்து காட்டி, "தம்பி, இதுல என்னை 1974-ல பொறந்தவன்னு போட்டிருக்கான் பாரு" என்றாள். எனக்கும் அவளுக்கும் ஒன்றரை வயசுதான் வித்தியாசம். நான் 1980-ல் பிறந்தவன்.

சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் கம்பெனியில் 58 வயது முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1-1-1974 என்ற கணக்கில் அவள் 2031 டிசம்பரோடு வெளியே வரவேண்டும். உண்மை வயதின்படி 2036 வரை வேலை இருக்கிறது. நாலரை வருஷச் சம்பளம்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஆதாரிலிருந்து. ஆதாருக்கு எங்கிருந்து வந்தது என்றால், ரேஷன் கார்டிலிருந்து. 2011-ல் ஊரில் நடந்த முகாமில் அக்காவிடம் பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள், இவள் தெரியாது என்றிருக்கிறாள், ரேஷன் கார்டில் வயது 37 என்று இருந்திருக்கிறது. 2011-லிருந்து 37-ஐக் கழித்தார்கள், 1974. வயது மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி ஒன்றாம் தேதி தானாக விழுந்துவிடும். எங்கள் தெருவில் ஆதாரின்படி புத்தாண்டு அன்று பிறந்தவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ரேஷன் கார்டில் 37 யார் போட்டது என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆதாரைத் திருத்தினால்தான் பி.எஃப்.-ஐத் திருத்த முடியும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், அதற்கு மேல் போனால் பெரிய பாடு. ஆகவே சரியான காகிதத்தோடு ஒரே தடவையில் முடிக்கவேண்டும். அக்காவிடம் இருந்தது ஐந்தாம் வகுப்பு ரெக்கார்டு ஷீட் மட்டும். பத்தாவது படித்திருந்தால் மதிப்பெண் சான்றைக் கொடுத்து அன்றைக்கே முடித்திருக்கலாம். ரெக்கார்டு ஷீட்டை ஆதார் மையத்தில் வாங்கமாட்டேன் என்றார்கள், பிறப்புச் சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். அக்கா வீட்டில் பிறந்தவள். அவளுக்குப் பிறப்புச் சான்று கிடையாது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எல்லா வேலைக்கும் பிறப்புச் சான்று தேவையில்லை. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் அதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கு முன் பிறந்தவர்கள் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், எல்.ஐ.சி. பத்திரம் என்று பல காகிதங்களை ஏற்கிறார்கள். என் நண்பன் ஒருவன் பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று கட்டாயம் என்று நினைத்து இரண்டு மாதம் அலைந்தான், பான் கார்டே போதும் என்று பிறகு தெரிந்தது. எந்த அலுவலகம் எதைக் கேட்கிறது என்று எழுத்தில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எங்கள் அலைச்சல் தப்பான ஊரில் தொடங்கியது. அப்பாவின் ஊர் பாலக்கோடு பக்கம். அங்கே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அக்காவின் பிறப்புப் பதிவைத் தேடித்தாருங்கள் என்று கேட்டோம். அவரிடம் இருந்தது அண்மைக் காலப் பதிவேடுகள்தான். பழையவை தாலுகா அலுவலகத்தில் இருக்கும், இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்றார். சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட விண்ணப்பம் கொடுத்தோம். வந்து பார்த்தால் இல்லை. 'பதிவு இல்லை' என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்கும்போதுதான் அங்கிருந்த பெண் அலுவலர் அம்மாவைப் பார்த்து, "அம்மா, இது தலைப்பிரசவமா?" என்றார்.

ஆமாம் என்றாள் அம்மா.

"அப்போ தாய் வீட்டுலதானே பொறந்திருக்கும்? இங்க எதுக்குத் தேடுறீங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் பதிவு இருக்கும். நம் ஊர்களில் முதல் குழந்தை பெரும்பாலும் அம்மாவின் பிறந்த வீட்டில்தான். அம்மாவின் ஊர் பென்னாகரம் பக்கம். பாலக்கோட்டில் 'இல்லை' என்று வாங்கியிருந்தாலும் அது செல்லாக்காசு, ஏனென்றால் அங்கே இருக்கவேண்டிய பதிவே இல்லை அது. மூன்று வாரம் போச்சு.

பென்னாகரத்தில் தேடும்போது இன்னொன்று கற்றுக்கொண்டோம். குழந்தையின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் கிடைக்காது. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள், பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். தகப்பன் பெயர், தாய் பெயர், பெண் குழந்தை, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை என்று கேட்கவேண்டும். நாங்கள் 1977 முதல் 1980 வரை தேடச் சொன்னோம். நான்கு வருஷப் பதிவேட்டிலும் எங்கள் அப்பா பெயரில் எதுவும் இல்லை. அந்த ஆண்டுகளுக்குப் 'பதிவு இல்லை' என்ற சான்றை வாங்கிக்கொண்டோம். 'நான்-அவைலபிலிட்டி சர்டிபிகேட்' என்று அங்கே சொல்வார்கள். ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய இது முதல் காகிதம். இது இல்லாமல் மற்றவற்றை எழுதவே தொடங்காதீர்கள், ஏனென்றால் தேடும்போது ஒருவேளை பதிவு கிடைத்துவிட்டால் உங்கள் வேலையே வேறு. அப்போது புதிதாகப் பதியக் கூடாது, இருக்கிற பதிவில் பெயரைச் சேர்க்கவோ பிழையைத் திருத்தவோ கேட்கவேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்புப் பதிவு ஆனால் அது தீராத தலைவலி.

உங்கள் அம்மா அப்பா காலத்து ஆட்களுக்குத் தேடுகிறீர்கள் என்றால் இன்னொரு சங்கதி: தர்மபுரி மாவட்டம் 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்து. தாலுகாக்களும் உடைந்துகொண்டே வந்திருக்கின்றன. அஞ்செட்டிக்காரர்கள் தேன்கனிக்கோட்டையிலும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, அதன் 13-வது பிரிவு தாமதப் பதிவைப் பற்றியது. ஓராண்டு தாண்டிவிட்டால் பதிவாளர் தாமாகப் பதிய முடியாது. முன்பு மத்தியச் சட்டத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு என்று இருந்தது, 2023 திருத்தத்தில் அந்த அதிகாரம் நிர்வாக நடுவர்களிடம் போனது. எங்கள் பக்கம் நடைமுறையில் அது கோட்டாட்சியர், நாம் ஆர்.டி.ஓ. என்று சொல்கிறவர். அவர் பிறந்த தேதி சரிதானா என்று விசாரித்து உத்தரவு போட்டால், பிறந்த ஊரின் பதிவாளர் பதிவார்.

"சரிதானா என்று விசாரித்து" என்ற இடத்தில்தான் நாங்கள் மாட்டினோம்.

விண்ணப்பத்தோடு அக்காவின் ரெக்கார்டு ஷீட், அவள் ஆதார், அப்பா அம்மா ஆதார், என்னுடைய பிறப்புச் சான்றின் நகல் எல்லாம் வைத்திருந்தோம். நான் தர்மபுரி அரசு மருத்துவமனையில் பிறந்தவன், உடனே பதிவானது, 20-1-1980. அக்காவின் ரெக்கார்டு ஷீட்டில் 5-6-1979. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எழுத்தர் விரல்விட்டு எண்ணினார்.

"ஏழரை மாசம் சார். ஒரே தாய்க்கு ஏழரை மாசத்துல ரெண்டு குழந்தையா?"

ஏழரை என்றதும் அம்மா சாமியைக் கும்பிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு வருஷம் அந்த ஷீட்டைப் பத்திரமாக வைத்திருந்தோமே தவிர, யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

என்ன நடந்தது என்று அம்மா சொன்னாள். 1985 ஜூனில் என்னையும் அக்காவையும் ஒரே நாளில் பாலக்கோடு பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். தலைக்கு மேலே கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்லி வாத்தியார் வயதைப் பார்த்தார். என் தேதி தெரியும். அக்காவுக்குத் தேதி கேட்டபோது அப்பா முழித்திருக்கிறார். ஏழு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் போட்டால் கேள்வி வரும் என்று வாத்தியார் ஆறு வயது ஆவதுபோல ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிட்டார். ஜூன் மாதத்தில் இத்தனை பேர் பிறப்பது தமிழ்நாட்டில்தான் நடக்கும்.

"ஏழு வயசு வரைக்கும் அவளை ஏன் சேர்க்கலை?" என்று கேட்டேன்.

"யார் சொன்னா சேர்க்கலைன்னு? பாட்டி ஊர்ல ரெண்டு வருஷம் போனாளே" என்றாள் அம்மா சாதாரணமாக.

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனையோ மிச்சமாகியிருக்கும். ஆனால் நாங்களும் கேட்கவில்லை.

பென்னாகரம் பக்கத்து அந்தத் தொடக்கப்பள்ளிக்கு நானும் அக்காவும் போனோம். தலைமை ஆசிரியை புதியவர். பழைய பதிவேடுகள் இருக்கிறதா என்று கேட்டதும் சமையல் அறைக்குப் பின்னால் இருந்த இரும்பு டிரங்குப் பெட்டியைக் காட்டினார். உள்ளே நாலைந்து நீளப் பதிவேடுகள், ஓரமெல்லாம் கரையான் அரித்தது. 1983 ஜூன் பக்கத்தைத் தேடிப் பிடித்தோம். சேர்க்கை எண், சேர்ந்த நாள், மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, நீங்கிய நாள், காரணம் என்று கட்டங்கள். ஊதா மையில் அக்காவின் பெயர். தந்தை பெயர் சரி. பிறந்த தேதி 3-6-1978. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில், 'பெற்றோர் ஊருக்குச் சென்றதால்' என்று எழுதியிருந்தது. அக்கா அந்த வரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாவின் கணக்கோ வேறு. எம்.ஜி.ஆர். முதல்வரான மறு வருஷம், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போக வீட்டில் வண்டி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் வலி எடுத்தது என்பாள். எம்.ஜி.ஆர். 1977 ஜூன் 30-ல் பதவியேற்றார். மறு வருஷ ஆடி என்றால் 1978, பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும். அந்தக் கணக்கில் 1983 ஜூனில் அவளுக்கு ஐந்து வயது நிறைய இரண்டு மாதம் குறைகிறது. அதனால் அந்த ஊர் வாத்தியாரும் தன் பங்குக்கு ஆடியை ஜூனுக்கு இழுத்திருக்கிறார். ஆனால் வருஷத்தைத் தொடவில்லை. வருஷம் பொருந்துகிறது, எனக்கும் அவளுக்கும் இடையில் ஒன்றரை வருஷ இடைவெளியும் வருகிறது.

இப்போது கையில் மூன்று தேதி. ஆதாரில் 1-1-1974, இரண்டாவது பள்ளியில் 5-6-1979, முதல் பள்ளியில் 3-6-1978. உறவினர் ஒருவர், 1979-ஐயே பிடித்துக்கொள், ஒரு வருஷம் கூடுதலாக வேலை பார்க்கலாமே என்றார். என் பிறப்புச் சான்று உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது. அதோடு அது பொய்.

பள்ளிக் காகிதத்துக்கு எதனால் மதிப்பு என்பதை ஒரு வக்கீல் எங்களுக்கு விளக்கினார். பதிவேட்டில் ஒரு தேதி இருக்கிறது என்பது மட்டும் போதாது, அந்தத் தேதியை யார் சொல்லி எழுதினார்கள் என்பது முக்கியம் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு தேர்தல் வழக்கில் சொல்லியிருக்கிறதாம். அப்பாவோ அம்மாவோ சொன்னதென்றால் எடை உண்டு. யாரோ தோராயமாகப் போட்டதென்றால் இல்லை. ஆதாரின் நிலை இன்னும் மோசம், அது பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் பள்ளிச் சான்றைத்தான் எடுத்துக்கொண்டது. பி.எஃப். அலுவலகமும் 2024 ஜனவரியில் பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. எனவே மூன்றில் எது பழையதோ, எது எந்த லாபமும் யோசிக்காத காலத்தில் எழுதப்பட்டதோ, அதன் பக்கம் நிற்பது என்று முடிவு செய்தோம்.

முதல் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகலைத் தலைமை ஆசிரியை கையெழுத்து, முத்திரையோடு கொடுத்தார். வட்டாரக் கல்வி அலுவலரிடம் மேலொப்பம் வாங்கினோம். அவர் அசல் பதிவேட்டை வரவழைத்து, தேதியில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகல் மட்டும் கொண்டுபோனால் நடக்காத வேலை இது.

அப்புறம் பிரமாணப் பத்திரம். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். டைப் அடிக்கும் இடத்தில் ரெடிமேடாக ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள்: "நான் இன்ன தேதியில் பிறந்தேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." அக்கா பெயரில் அப்படி ஒன்றை 200 ரூபாய் பத்திரத்தில் அடித்தும் விட்டோம். முன்பு 20 ரூபாயில் முடிந்த பத்திரம், இப்போது 200. வக்கீல் படித்துவிட்டுச் சிரித்தார். "உங்க அக்கா தன் பிறப்பைத் தானே பார்த்தாங்களா? அவங்க சத்தியம் பண்ணி என்ன ஆகப்போகுது?" 200 ரூபாய் போனது.

அவர் சொன்ன முறை இது. அவரவர் நேரில் அறிந்ததை மட்டும் அவரவர் சொல்லவேண்டும். அம்மா பெற்றவள். அதனால் எந்த ஊரில், யார் வீட்டில், யார் பிரசவம் பார்த்தார், எந்த ஆண்டு, ஏன் பதியவில்லை என்பது அம்மாவின் பத்திரத்தில். தேதியைப் பொறுத்தவரை, "முதலில் சேர்த்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டின்படி 3-6-1978" என்று எழுதினார், அம்மாவுக்கு அந்தத் தேதி நேரடியாகத் தெரியும் என்று எழுதவில்லை. ஆடி மாதக் கதை என்ன ஆவது என்று கேட்டேன். "பிறந்தது 1978-ஆம் ஆண்டின் நடுப்பகுதி என்று நினைவு" என்று ஒரு வரி சேர்த்தார். பொய்ப் பிரமாணம் குற்றம், விசாரணையில் அம்மாவைக் கூப்பிட்டு ஆடியா ஆனியா என்று கேட்டால் அவள் உண்மையைத்தான் சொல்வாள், பத்திரமும் அதையே சொல்லட்டும் என்றார். அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. ஆகவே பத்திரத்தின் அடியில், தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு பெருவிரல் ரேகை வைத்தார் என்ற குறிப்பும் நோட்டரி முன்னிலையில் சேர்ந்தது. இந்த வரி இல்லாத ரேகைப் பத்திரத்தை எந்த அலுவலகத்திலும் திருப்பிவிடலாம்.

இரண்டாவது பத்திரம் சித்தியுடையது. மருத்துவச்சி செத்து இருபது வருஷம் ஆகிறது. சித்திக்கு அப்போது பதினான்கு வயது, வெந்நீர் போட்டுக் கொடுத்தவள். பிறந்தபோது விவரம் தெரிந்த வயதில் அங்கே இருந்தவர் என்பதால் அவள் சாட்சிக்கு மதிப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் நினைத்தோம், அவர் அந்த ஊரே இல்லை.

மூன்றாவது அக்காவுடையது, ஆனால் அது வயதுக்கு அல்ல, பெயருக்கு. பள்ளியில் கே. மாதம்மாள். ஆதாரில் MATHAMMA, இனிஷியல் இல்லை, கணவர் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்வது அவள் கையில் இருக்கிறது, ஆகவே அந்தப் பத்திரம் அவள் பெயரில். ஆனால் சொன்னால் போதாது, நடுவில் பாலம் வேண்டும். ஒரு பக்கம் தந்தை பெயரும் மறு பக்கம் கணவர் பெயரும் இருக்கும் காகிதம் எது என்று வீட்டைப் புரட்டினோம். கிடைத்தது கல்யாணப் பத்திரிகையும், கல்யாணத்துக்கு முந்தைய ரேஷன் கார்டு நகலும். ரேஷன் கார்டில் அப்பாவின் குடும்பத்தில் அவள் பெயர், பத்திரிகையில் அதே அப்பாவின் மகளாக, மாமாவுக்கு மனைவியாக. பத்திரிகையை யார் ஆவணமாக மதிப்பார்கள் என்று கேலி செய்தேன். எழுத்தர் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார்.

பெயர் எப்படிப் பதிவாகவேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் பள்ளிப் பெயரையே வைத்துக்கொண்டோம், ஆதாரில் பெயரையும் தேதியையும் ஒரே நாளில் மாற்றுவது என்று.

கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு இந்தக் கட்டோடு மறுபடி போனோம். அது கிராம நிர்வாக அலுவலருக்கு இறங்கி, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அறிக்கையாக ஏறி வந்தது. பாட்டி ஊரில் கிராம நிர்வாக அலுவலர் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். விசாரணை நாளில் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி எத்தனை பிள்ளைகள், மூத்தது யார் என்பது. இரண்டாவது பள்ளியின் 1979-ஐ மறைக்கவேண்டாம் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார், ஆகவே அந்த ஷீட்டையும் வைத்து, அது ஏன் தவறு என்பதற்கு என் பிறப்புச் சான்றைக் காரணமாகக் காட்டியிருந்தோம். ஏழரை மாதம் அன்று எங்களுக்கு எதிராக இருந்தது, இன்று எங்கள் பக்கம் பேசியது. உத்தரவு வர மூன்று மாதம் ஆனது. பாட்டி ஊர்ப் பதிவாளர் தாமதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிந்து சான்று கொடுத்தார்.

அந்தச் சான்றைக் கையில் வாங்கினால் ஒன்று தெரியும். பிறந்த தேதி 3-6-1978, பதிவு செய்த தேதி 2025. இரண்டும் அதே தாளில் இருக்கும். பார்க்கிற எவருக்கும் இது 47 வருஷம் கழித்துப் பதிந்தது என்று புரியும், சந்தேகம் வரலாம். அதனால் சான்றோடு கோட்டாட்சியர் உத்தரவின் நகல், மேலொப்பமிட்ட பள்ளிப் பதிவேட்டு நகல் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். ஆதாரில் பெயரும் தேதியும் மாறிவிட்டன. பி.எஃப்.-க்கு அக்காவும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கவேண்டிய கூட்டு உறுதிமொழி கம்பெனி ஹெச்.ஆர். மேசையில் இருக்கிறது, இரண்டு முறை நினைவூட்டியாகிவிட்டது.

டிரங்குப் பெட்டிக்குத் தலைமை ஆசிரியை பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார், கரையான் மருந்துக்கு அக்கா காசு கொடுத்தாள். அம்மா மட்டும் இன்னும், "மூணாந் தேதியாம், ஜூனாம். நான் பெத்தது ஆடியில" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.